ஓடர் பண்ணியது 16 ஜிபி, வந்தது 8 ஜிபி: இணையத்தில் வாங்கிய லெப்டொப் மாறி வந்தால்

களுவாஞ்சிகுடியில் லெப்டொப் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பெட்டி பிரித்த கையோடு புது லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அடிக்கடி வருவார்கள். கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கமிருந்தும் வருகிறார்கள். "அண்ணன், இவங்க சொன்ன சாமான்தானா உள்ளுக்க இருக்கு எண்டு ஒருக்காப் பாருங்க" என்பார்கள். அவர்கள் கேட்பவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு எங்கள் வீட்டுக் கதையையே எடுக்கிறேன். அக்காவின் மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்குக் கொழும்பு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் ஒரு லெப்டொப் ஓடர் பண்ணினோம். i5-1235U புரொசஸர், 16 ஜிபி ரெம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விலை 238,000 ரூபா. வந்ததில் புரொசஸர் சரி. ரெம் 8, எஸ்எஸ்டி 256.

512 ஜிபி எண்டு வாங்கினன், 476 தான் காட்டுது. ஏமாத்திப்போட்டாங்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024 ஆல் பெருக்கி எண்ணுகிறது. அதனால் 512 என்று விற்பது திரையில் 476 அல்லது 477 ஆக வரும், 256 என்று விற்பது 238 ஆக வரும். ரெம்மும் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம், ஆனால் காரணம் வேறு. 16 ஜிபியில் கொஞ்சத்தைத் திரைக்கான கிராபிக்ஸ் எடுத்துக்கொள்வதால் 15.7 என்று காட்டலாம். அது குறை அல்ல.

238 என்று கண்டாலும் உடனே பாயக் கூடாது. ஒரே டிஸ்க்கை C:, D: என்று இரண்டாகப் பிரித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். File Explorer இல் C: ஐ மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். விண்டோஸ் பொத்தானையும் R ஐயும் சேர்த்து அழுத்தி `diskmgmt.msc` என்று அடியுங்கள். கீழே Disk 0 என்ற இடத்தில் முழு அளவு இருக்கும், அதுதான் கணக்கு. காத்தான்குடித் தம்பி ஒருவர் விற்பனையாளருக்கு நாலு பக்கத்துக்குத் திட்டி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். D: என்று ஒன்று இருப்பதைக் காட்டியதும் பாவம், முகம் சுருங்கிப்போனது. மறுகா அவரே மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

விண்டோஸ் செட்டப் பண்ணினா திருப்பி எடுக்க மாட்டாங்களாம். பண்ணாமப் பார்க்க ஏலுமா?

ஏலும், அதுதான் நல்லதும்கூட. லெப்டொப்பை நிறுத்திய நிலையிலிருந்து போட்டதும், விண்டோஸ் வர முன்னம் திறக்கும் BIOS என்ற அமைப்புத் திரைக்கான பொத்தானைத் தொடர்ந்து தட்டுங்கள். டெல், ஏசர், ஆசூஸ் என்றால் பெரும்பாலும் F2, எச்பி என்றால் F10. லெனோவோவில் மொடலைப் பொறுத்து F1 அல்லது F2. வருகிற திரையின் முதல் பக்கத்திலேயே புரொசஸரின் பெயரும் ரெம் அளவும் சீரியல் இலக்கமும் இருக்கும். ரெம் சிலதில் 8192 MB, 16384 MB என்று வரும். 8192 என்றால் 8 ஜிபி, 16384 என்றால் 16. எதையும் மாற்றாமல் படம் எடுத்துக்கொண்டு Exit கொடுத்து வெளியே வந்துவிடலாம். விண்டோஸ் பக்கமே போயிருக்க மாட்டீர்கள்.

நான் ஏற்கெனவே செட்டப் பண்ணிட்டன். இப்ப எங்க பார்க்கிறது?

அதனால் உங்கள் உரிமை போய்விடாது, வாக்குவாதம் மட்டும் கொஞ்சம் நீளும். Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் Task Manager வரும். அதில் Performance பக்கத்தில் CPU, Memory, Disk மூன்றும் தெரியும். Memory இல் Slots used என்ற வரியையும் பாருங்கள், பின்னால் உதவும். ஆதாரத்துக்கு வைத்துக்கொள்ள PowerShell ஐத் திறந்து இவற்றை அடிப்பதே எனக்குப் பிடித்த வழி:

```
Get-CimInstance Win32_BIOS | Select SerialNumber
Get-CimInstance Win32_Processor | Select Name
Get-CimInstance Win32_PhysicalMemory | Select Capacity, Speed
Get-PhysicalDisk | Select FriendlyName, MediaType, Size
```

சீரியல் இலக்கமும் உள்ளே இருக்கும் பாகங்களும் ஒரே திரையில் வந்துவிடும். "அது வேற லெப்டொப்பிட படம்" என்று யாரும் சொல்ல முடியாது. கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது லெப்டொப்பின் அடிப்பக்கத்து ஸ்டிக்கரையும் சேர்த்து எடுங்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பளபளப்பான i5 ஸ்டிக்கரை ஆதாரமாக எண்ண வேண்டாம். அது வெறும் ஸ்டிக்கர்.

பிழை ஆரில எண்டு எப்படித் தெரியும்? கடைக்காரன் கம்பனியைச் சொல்றான், கம்பனி கடைக்காரனைச் சொல்லுது.

மூன்று பொருளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: ஓடர் உறுதி செய்து வந்த மின்னஞ்சல், பெட்டியில் தயாரிப்பாளர் ஒட்டிய லேபிள், லெப்டொப் திரையில் காட்டுவது. இந்த மூன்றில் எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தாலே கதை வெளிக்கும். நிறையப் பேர் பெட்டியை வீசிவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து பிரச்சினை தீரும் வரைக்கும் அதை வைத்திருங்கள்.

பெட்டி லேபிளில் மொடல் இலக்கமும் சீரியல் இலக்கமும் இருக்கும். பலவற்றில் i5-1235U/8G/256G என்ற மாதிரி உள்ளடக்கமும் அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் சீரியல் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். டெல் இலக்கத்துக்கு அந்த லெப்டொப் தொழிற்சாலையிலிருந்து என்ன பாகங்களோடு வெளிவந்தது என்ற பட்டியலே கிடைக்கும்.

லேபிளும் திரையும் ஒன்றாக இருந்து ஓடர் மட்டும் வேறாக இருந்தால், களஞ்சியத்தில் மாற்றி எடுத்திருக்கிறார்கள், அல்லது கூட்டிப் போட வேண்டியதைப் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். லேபிளில் 16/512, சீரியலும் பொருந்துகிறது, ஆனால் திரையில் 8/256 என்றால் யாரோ திறந்து பாகத்தை மாற்றியிருக்கிறார்கள். அது பாரதூரமான விசயம். பெட்டியின் சீரியலும் லெப்டொப்பின் சீரியலுமே வேறு என்றால் பெட்டிக்குள் இன்னொரு லெப்டொப்பை வைத்திருக்கிறார்கள். அப்போது `powercfg /batteryreport` அடித்து, அது சேமிக்கும் கோப்பைத் திறந்து பற்றரியையும் பாருங்கள். DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அது யாரோ பாவித்த லெப்டொப்பாக இருக்கலாம்.

எங்கள் கதையில் லேபிளிலேயே 8G/256G என்றுதான் இருந்தது. சீரியல் பொருந்தியது. நான் முதலில் மாற்றி எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பேசிப் பார்த்தபோதுதான் உண்மை வந்தது. அவர்கள் 8/256 பெட்டிகளை மட்டும் இறக்கி வைத்திருக்கிறார்கள். 16/512 க்கு ஓடர் வந்தால் தாங்களே திறந்து ரெம்மும் எஸ்எஸ்டியும் போட்டு அனுப்புவார்களாம். அன்றைக்கு அந்த வேலை தவறிப்போயிருக்கிறது. இப்படிச் செய்வது குற்றமில்லை, ஆனால் விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

கூரியர் தம்பி காசு குடுத்தாத்தான் பெட்டி பிரிக்க விடுவாராம். என்ன செய்ய?

அவரோடு சண்டை பிடிப்பதில் பலனில்லை, அவருக்கு வந்த உத்தரவு அதுதான். காசைக் கொடுங்கள். பிறகு கூரியர் ஸ்டிக்கரிலிருந்து தொடங்கி லெப்டொப் திரையில் சீரியல் வரும் வரைக்கும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். இடையில் நிறுத்தி எடுத்த வீடியோ பாதிப் பெறுமதிதான்.

முதல் மெசேஜில என்ன எழுதணும்? நான் கோல் பண்ணிக் கதைச்சிட்டன்.

கதைத்தது பரவாயில்லை, ஆனால் கதைத்ததை எழுத்திலும் அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விற்பனைப் பக்கத்தைத் திறந்து Ctrl உம் P உம் அழுத்தி PDF ஆகச் சேமித்துவிடுங்கள். முறைப்பாடு போன பிறகு பக்கத்தில் "16 ஜிபி" என்பது "16 ஜிபி வரை கூட்டலாம்" என்று மாறிவிட்டதை இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.

அக்காவின் மகள் அனுப்பியது இதுதான். ஓடர் இலக்கத்தையும் சீரியலையும் மட்டும் எடுத்துவிட்டேன்:

"வணக்கம். மேற்படி ஓடரில் 16 ஜிபி ரெம், 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட லெப்டொப்புக்கு 238,000 ரூபா செலுத்தினேன். நேற்றுக் கிடைத்த லெப்டொப்பில் 8 ஜிபி ரெம்மும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளன. பெட்டி லேபிள், BIOS திரை, ஓடர் மின்னஞ்சல் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். ஓடர் செய்த அதே உள்ளடக்கத்துடன் மாற்றித் தரவும், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தரவும். திருப்பி அனுப்பும் செலவு தங்களுடையது. 3 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

இதில் கோபம் இல்லை, கதை இல்லை. என்ன வாங்கினேன், என்ன வந்தது, என்ன வேண்டும், எப்போதைக்குள் என்பது மட்டும்தான். கொழும்பில் வாடிக்கையாளர் பகுதியில் இருக்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அதனால் இதையே ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சேர்த்து அனுப்புங்கள். தொலைபேசியில் அரைகுறைச் சிங்களத்தில் திண்டாடுவதைவிட இது ஆயிரம் மடங்கு சுகம். தளத்திலேயே திருப்பி அனுப்பும் படிவம் இருந்தால் அதையும் நிரப்புங்கள். திருப்பி அனுப்பத் தளம் தரும் நாள் கணக்கு வட்ஸ்அப் உரையாடலுக்காகக் காத்திருக்காது.

"இன்னொரு 8 ஜிபி ரெம் போட்டுத் தாறம்" எண்டு சொல்றாங்க. ஒத்துக்கொள்ளலாமா?

ரெம்மிலும் எஸ்எஸ்டியிலும் மட்டும் குறை என்றால் ஒத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து, ஆனால் சும்மா தலையாட்டக் கூடாது. கழற்றவே முடியாதபடி ரெம்மைப் போர்டிலேயே பற்றவைத்த லெப்டொப்கள் உண்டு. அதில் கூடுதல் இடம் இல்லாவிட்டால் அவர்கள் சொல்வது நடக்காத காரியம். Slots used என்ற வரியைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். எங்களுடையதில் 1 of 2 என்று இருந்தது, அதாவது ஓரிடம் காலி. காலி இடத்தில் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டால் இரண்டும் சோடியாக வேலை செய்யும். தனியே ஒரு 16 ஜிபி துண்டு போடுவதைவிட அது நல்லது, முக்கியமாக கிராபிக்ஸுக்கு.

நாங்கள் மூன்று விசயத்தை எழுத்தில் கேட்டு வாங்கினோம். போடுகிற ரெம் DDR4-3200, எஸ்எஸ்டி NVMe வகை. திறந்ததால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போனால் அதே காலத்துக்கு விற்பனையாளரே பொறுப்பு. புதுப் பாகங்களின் விவரம் பில்லில் வர வேண்டும். இரண்டாவதுக்குத்தான் இழுத்தார்கள், இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு அனுப்பினார்கள்.

"உங்கட ஊரில ஒரு கடையில போடுங்க, காசு தாறம்" என்றும் ஒரு கட்டத்தில் சொன்னார்கள். கடைக்காரனான நானே வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் கை பட்டால் பிறகு எந்தப் பிழைக்கும் "அங்க திறந்தவங்க" என்று என் பக்கம் விரல் நீளும்.

i5 ஓடர் பண்ணினன், i3 வந்திருக்கு. மாத்திப் போட ஏலாதா?

ஏலாது. இந்த வகை லெப்டொப்களில் புரொசஸர் போர்டோடு பற்றவைத்து வருகிறது. i5-1235U க்கு 10 கோர், i3-1215U க்கு 6 கோர். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. இதில் முழு லெப்டொப்பையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். "ரெம்மைக் கூட்டித் தாறம்" என்று சமாளித்தால் ஏற்காதீர்கள்.

10,000 ரூபா குறைச்சுத் தாறம், வச்சிருங்க எண்டுறாங்க.

எங்களிடமும் அதே தொகைதான் சொன்னார்கள். அவர்களுடைய பக்கத்திலேயே அதே லெப்டொப்பின் 8/256 விலை 196,000 ரூபா. வித்தியாசம் 42,000. அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பியதும் 10,000 கதை நின்றது. உங்களுக்குக் குறைந்த உள்ளடக்கமே போதும் என்றால் கழிவு வாங்குவதில் பிழையில்லை. ஆனால் பேரம் அவர்களுடைய சொந்த விலைப்பட்டியலிலிருந்து தொடங்கட்டும். வாங்கிவிட்டால் விசயம் முடிந்ததாகவே எடுப்பார்கள், பிறகு மாற்றித் தா என்று கேட்க முடியாது.

கார்ட்டில காசு கட்டினன். வங்கி திருப்பித் தருமா?

தர வாய்ப்புண்டு. பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை என்ற காரணத்தில் உங்கள் அட்டையை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம். வீசா அட்டைகளில் இந்த வகைக்குப் பொதுவான எல்லை, பொருள் கிடைத்ததிலிருந்து 120 நாள். முதலில் விற்பனையாளரோடு தீர்க்க முயன்றதையும், பொருளைத் திருப்பித் தர முன்வந்ததையும் வங்கி காட்டச் சொல்லும். அதனால்தான் அந்த எழுத்து மெசேஜ் முக்கியம். லெப்டொப்பையும் வைத்துக்கொண்டு காசையும் கேட்டால் நிற்காது.

வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பிய காசுக்கும், கூரியரிடம் கையில் கொடுத்த காசுக்கும் இந்த வழி இல்லை. பெரிய தொகைக்கு நான் கார்ட்டையே சொல்வது இதற்காகத்தான்.

ஒரு பதிலும் இல்லை. எங்க போய் முறையிடுறது? கொழும்புக்குப் போகணுமா?

தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலகங்களில் அலுவலகம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, யாரிடமும் மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இந்த இடத்தில் நாள் கணக்கு முக்கியம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். "அடுத்த கிழமை அனுப்புறம், புது ஸ்டொக் வரட்டும்" என்று விற்பனையாளர் சொல்லச் சொல்லக் காத்திருந்து நாலாம் மாதம் என்னிடம் வந்தவர் ஒருவர் இருக்கிறார், திருக்கோவில்காரர். கையில் எல்லா ஆதாரமும் இருந்தது, நாள்தான் இல்லை. இரண்டு மாதம் தாண்டினால் விற்பனையாளரோடு பேசிக்கொண்டே முறைப்பாட்டையும் போட்டுவிடுங்கள். பேச்சுத் தீர்ந்தால் பிறகு மீளப் பெறலாம்.

கூடவே பில், விற்பனைப் பக்கத்தின் பிரதி, படங்கள், போய் வந்த மெசேஜ்கள், விற்பனையாளரின் பெயர் முகவரி ஆகியவற்றை இணையுங்கள். விசாரணையில் பிழை உறுதியானால் மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை உத்தரவிடலாம்.

பேஸ்புக் பக்கத்தில வாங்கினன். பில்லும் இல்லை, முகவரியும் இல்லை.

இது கஷ்டம், மழுப்ப விரும்பவில்லை. சட்டப்படி நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும், ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? கூரியர் பொதியில் இருக்கும் அனுப்புநர் பெயர், காசு போட்ட கணக்கின் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். முடியாவிட்டால் பொருந்தாது.

திருப்பி அனுப்பும்போது எதைக் கவனிக்கணும்?

ஆதாரப் படங்கள் எல்லாம் எடுத்து முடிந்த பிறகுதான் Reset செய்ய வேண்டும், முதலில் செய்துவிட்டுத் தவிக்காதீர்கள். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கை நீக்குங்கள். சார்ஜர், கேபிள், உத்தரவாத அட்டை எல்லாம் உள்ளே போனதைக் காட்டும் படமும், மூடிய பெட்டியில் சீரியல் தெரியும் படமும் எடுங்கள். கூரியர் ரசீதில் பொருளின் பெறுமதியை எழுதச் சொல்லுங்கள். "டொகுமென்ட்" என்று போட்டால், தொலைந்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில்லறைதான்.

எங்களுடையது போய்த் திரும்பி வர 11 நாள் ஆனது. வந்ததும் பெட்டியைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, மேசையில் வைத்துப் பிரித்தோம். Slots used: 2 of 2, Speed: 3200, டிஸ்க் 477. சீரியல் அதே சீரியல். மருமகள் அங்கேயே கதிரையில் இருந்து, அடுத்த நாள் கொடுக்க வேண்டிய அசைன்மென்ட்டைத் திறந்துவிட்டாள்.